சைவ உணவுக்காரருக்கு கிரியேட்டின்: முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு தூள்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது 27, எடை 63 கிலோ. பிறந்ததிலிருந்து சைவம், முட்டையும் இல்லை. இரண்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். ஆறு மாதமாகத் தூக்கும் எடை கூடவில்லை. பயிற்றுநர் கிரியேட்டின் எடுக்கச் சொல்கிறார். அது இறைச்சியிலிருந்து எடுப்பது என்று ஒருவர் சொல்கிறார். சிறுநீரகம் பழுதாகிவிடும் என்று அம்மா தடுக்கிறார். சோயாமீட், பருப்பு, பால் போதாதா? எடுப்பதென்றால் எவ்வளவு, எப்படி? என்னோடு பயிற்சி செய்யும் நண்பன் பால், தயிரும் விட்டவன். அவனுக்கும் இதே அளவுதானா?

பதில்:

தம்பி, இறைச்சியிலிருந்து எடுப்பது என்று சொன்னவர் முழுப்பொய் சொல்லவில்லை. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் இந்தப் பொருளை இறைச்சிச் சாற்றிலிருந்துதான் பிரித்தார். கிரேக்க மொழியில் இறைச்சியைக் குறிக்கும் சொல்லையே அதற்குப் பெயராக்கினார். பெயர் மட்டும்தான் அங்கிருந்து வந்தது. இன்று டின்னில் வரும் வெள்ளைத் தூளைத் தொழிற்சாலையில் சார்கோசின், சயனமைட் என்ற இரண்டு இரசாயனங்களை நீரில் வினைபுரியவைத்துப் படிகமாக்கி உலர்த்துகிறார்கள். எந்த இடத்திலும் விலங்கு வருவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. குளிசை வடிவில் வாங்கினால் அதன் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாடு அல்லது பன்றியின் தோலும் எலும்பும். ஆகவே கூட்டுக்குளிசை வேண்டாம், வாசனையும் நிறமும் சேர்த்ததும் வேண்டாம். வெறும் கிரியேட்டின் மொனோஹைட்ரேட் தூள் போதும்.

இனி சோயாமீட்டுக்கு வருகிறேன். சோயா, பருப்பு, கடலை, கச்சான் எதிலும் கிரியேட்டின் கிடையாது. அது விலங்குத் தசையில் சேரும் பொருள். கால் கிலோ மீனிலோ மாட்டிறைச்சியிலோ சமைப்பதற்கு முன் ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். ஒரு லீற்றர் பாலில் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. பால் குடிக்கும் நீங்களும் அதையும் விட்ட உங்கள் நண்பனும் இந்த விஷயத்தில் ஒரே படகில்தான் இருக்கிறீர்கள். சோயாமீட் புரதம் தரும், அது தேவைதான். ஆனால் புரதத்தைக் கூட்டினால் கிரியேட்டினும் கூடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

அப்படியானால் சைவர் தசையில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. உடலே அதைத் தயாரிக்கிறது. ஆர்ஜினின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து சிறுநீரகம் பாதி வேலையைச் செய்கிறது. மெத்தியோனினின் உதவியோடு கல்லீரல் மீதியை முடிக்கிறது. இரத்தம் அதைத் தசைக்குக் கொண்டுபோகிறது. நாளொன்றுக்கு ஒரு கிராம் அல்லது அதற்குச் சற்று மேல். மீன் சாப்பிடுகிறவருக்கு இதற்கு மேல் தட்டிலிருந்தும் இன்னொரு கிராம் கிடைக்கிறது. உங்களுக்கு அது இல்லை.

உங்கள் எடைக்கு அண்ணளவாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தசைத் திசுக்களை அளந்த ஆய்வுகள் தரும் அளவுகளை வைத்தால், 63 கிலோ எடையுள்ள சைவ இளைஞனின் தசைகளில் சுமார் 80 கிராம் கிரியேட்டின் இருக்கும். அதே உடல்வாகுள்ள மீன், இறைச்சி சாப்பிடுகிறவரிடம் சுமார் 95 கிராம். இருவருக்கும் தசை தாங்கக்கூடிய உச்சம் 120 கிராம் அளவில்தான். அதாவது அவருக்கு 25 கிராம் இடம் காலி, உங்களுக்கு 40 கிராம். கிரியேட்டின் எடுத்தும் ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நிரம்பியவர்கள். சைவர் அந்தக் கூட்டத்தில் சேர்வது அரிது.

2003இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில் சைவரையும் அசைவரையும் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்யவைத்துக் கிரியேட்டின் கொடுத்தார்கள். தசையில் சேர்ந்த கிரியேட்டின், கூடிய தசைநிறை இரண்டிலும் சைவர் முன்னால் நின்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் பலம் கூடுவதிலும் சைவருக்கே அதிகம் என்று ஒருமித்துச் சொல்லவில்லை. தசைக்குள் அதிகம் சேரும் என்பது உறுதி. அது பார்பெல்லில் எத்தனை கிலோவாக மாறும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மூளைக்கும் நினைவாற்றலுக்கும் நல்லது என்ற விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. சைவரின் மூளையில் கிரியேட்டின் குறைவாக இருப்பதாக அளவீடுகள் காட்டவில்லை.

இது தசையில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். முழுப் பலத்தோடு எடை தூக்கும்போது தசையின் எரிபொருளான ஏ.டி.பி. இரண்டு மூன்று விநாடியில் தீர்ந்துபோகும். தசை கிரியேட்டினைச் சேமித்துவைக்கும் வடிவமான கிரியேட்டின் பொஸ்பேற் உடனே அதைப் புதுப்பித்துக் கொடுக்கிறது. பத்து விநாடி அளவுக்கு அந்தக் கையிருப்பு தாங்கும். கையிருப்பு கூடினால் எட்டாவது தடவையில் நின்றுபோன கை ஒன்பதாவது, பத்தாவது தடவைக்கும் போகும். இரண்டு செட்டுக்கு இடையில் சீக்கிரம் மீளும். மாதக்கணக்கில் அந்தக் கூடுதல் தடவைகள் சேர்ந்துதான் தசையாகின்றன. காலையில் காலிமுகத்திடலில் மெதுவாக ஓடுவதற்கு இது பெரிதாக உதவாது.

அளவு. ஜிம்மில் உங்களுக்கு நாளுக்கு 20 கிராம் வீதம் ஒரு வாரம் ஏற்றச் சொல்லியிருப்பார்கள். அது வேலை செய்யும். ஆனால் இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு குடிப்பதில் பெரும்பங்கு சிறுநீரில் போய்விடும். வயிறும் கலங்கும். 1996இல் ஹல்ட்மன் குழுவினர் ஆறு நாளில் ஏற்றியதையும் நாளுக்கு 3 கிராம் வீதம் 28 நாள் கொடுத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டும் ஒரே மட்டத்துக்குத்தான் வந்தன. போட்டி ஒன்று அடுத்த வாரம் இல்லையென்றால் அவசரம் எதற்கு? உங்களுக்குக் காலி இடம் அதிகம் என்பதால் முதல் மாதம் தினம் 5 கிராம், அதன் பிறகு 3 கிராம் என்பதே என் பரிந்துரை. பிறகு ஏன் 3 கிராம் போதும்? தசையில் உள்ள கிரியேட்டினில் நாளுக்கு நூற்றில் 1.7 பங்கு தானாகச் சிதைந்து வெளியேறுகிறது. 120 கிராம் நிரம்பிய உடலில் அது 2 கிராம். மொனோஹைட்ரேட் தூளில் நீரும் சேர்ந்திருப்பதால் 3 கிராம் தூளில் உள்ள உண்மையான கிரியேட்டின் 2.6 கிராம். கணக்கு நேராகிவிடுகிறது.

டின்னோடு வரும் கரண்டியை நம்ப வேண்டாம். சிலவற்றில் ஒரு கரண்டி 5 கிராம், சிலவற்றில் 3 கிராம். ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து உங்கள் தேக்கரண்டியில் அது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் இது முழுதாகக் கரையாது, அடியில் மணலாக நிற்கும். இளஞ்சூட்டு நீரிலோ காலைப் பிளேன்டீயிலோ போட்டால் கரைந்துவிடும். கலக்கியவுடன் குடியுங்கள். தேசிக்காய்ச் சாற்றில் கலந்து போத்தலில் ஊற்றி அடுத்த நாள் குடிக்கும் பழக்கம் ஒருவரிடம் கண்டேன். புளிப்பும் இங்குள்ள வெக்கையும் சேர்ந்து கரைசலில் உள்ள கிரியேட்டினைக் கழிவுப்பொருளாக மாற்றிக்கொண்டே இருக்கும். உலர்ந்த தூள் அப்படியல்ல. கொழும்பின் ஈரக்காற்றில் கட்டி பிடித்தாலும் அது கெட்டதாக அர்த்தமில்லை, உடைத்துப் போட்டுக்கொள்ளலாம். பயிற்சிக்கு முன்னா பின்னா என்பது பெரிய விஷயமே இல்லை. தினம் எடுப்பதுதான் முக்கியம். சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுக்கும் நல்லது. விலை கூடிய ஹைட்ரோகுளோரைட், "பஃபர்" செய்தது போன்ற வகைகள் மொனோஹைட்ரேட்டை விட மேலானவை என்று நிரூபணம் கிடையாது. ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படும் போட்டியாளர் மட்டும் ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்டதற்கான இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட் போன்ற முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதல் மூன்று நான்கு வாரங்களில் எடை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடலாம். அது தசைக்குள் கிரியேட்டினோடு சேர்ந்து போகும் நீர். கொழுப்பும் அல்ல, புதிய தசையும் அல்ல. கண்ணாடியைப் பார்த்து மகிழவும் வேண்டாம், தராசைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். இரண்டு மாதத்துக்குப் பயிற்சிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு செட்டிலும் எத்தனை தடவை என்று எழுதிக்கொள்ளுங்கள். பலன் வந்தால் அங்கேதான் தெரியும். எட்டு வாரம் ஒழுங்காக எடுத்தும் ஒரு தடவைகூடக் கூடவில்லையென்றால் குறை கிரியேட்டினில் இல்லை. தூக்கத்தையும் மொத்தச் சாப்பாட்டையும் பாருங்கள்.

இப்போது அம்மாவின் பயம். இந்த நாட்டில் அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. வட மத்திய மாகாணத்தில், அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்தில், காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் எத்தனையோ விவசாயக் குடும்பங்களைச் சிதைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவு கிரியேட்டின் பழுதாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிரச்சினை வேறிடத்தில், இரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கிறது. சைவருக்கு அது இன்னும் கூர்மையானது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு. தசையில் உள்ள கிரியேட்டின் சிதையும்போது வரும் கழிவுதான் கிரியேட்டினின். சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. இரத்தத்தில் அது கூடினால் வடிகட்டி சரியில்லை என்று டொக்டர் சந்தேகிப்பார். அது நியாயமான சந்தேகம். ஆனால் வடிகட்டி அப்படியே இருக்க, வந்து விழும் கழிவு கூடினாலும் அந்த எண் ஏறும். மேலே சொன்ன கணக்கை நினையுங்கள். மீன் சாப்பிடுகிறவரின் தசையில் 95 கிராம் 120 ஆகிறது, கால் பங்கு கூடுகிறது. உங்களுக்கு 80 கிராம் 120 ஆகிறது, அரைப் பங்கு கூடுகிறது. கழிவும் அதற்கேற்பக் கூடும். நடைமுறையில் உயர்வு இதைவிடக் குறைவாகவே வரும், ஆனால் போகும் திசை இதுதான். சைவரின் ஆரம்ப எண்ணே சற்றுத் தாழ்வானது என்பதால் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்தால் ஏற்றம் பெரிதாகத் தெரியும்.

பம்பலப்பிட்டியில் வேலை செய்யும் 29 வயது இளைஞர் ஒருவர் போன வருடம் என்னிடம் வந்தார். அவரும் சைவம், 64 கிலோ. வேலையில் சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஒரு டெசிலீற்றருக்கு 0.86 மில்லிகிராம். கிரியேட்டின் தொடங்கிப் பத்து வாரத்தில் காய்ச்சலுக்காகச் செய்த பரிசோதனையில் 1.18. அந்த எண்ணையும் வயதையும் வைத்துச் சூத்திரம் போட்டு வடிகட்டும் வேகத்தை மதிப்பிடுவார்கள். ஆரம்பத்தில் 120 இருந்தது 86க்கு இறங்கிவிட்டது. 90க்குக் கீழே என்றவுடன் குடும்பம் கலங்கிவிட்டது. பார்த்த டொக்டரிடம் அவர் தூளைப் பற்றிச் சொல்லவேயில்லை. டொக்டரும் கேட்கவில்லை. சிறுநீரக நிபுணரிடம் அனுப்பும் கடிதத்தோடுதான் அவர் என்னிடம் வந்தார்.

நான் விசாரித்ததில், இரத்தம் கொடுத்ததற்கு முந்திய நாள் மாலை அவர் கடுமையான கால் பயிற்சி செய்திருந்தார். அதுவும் எண்ணை ஏற்றும். தூளை நிறுத்தவும், இரத்தம் கொடுக்கும் முன் மூன்று நாள் எடை தொடாமல் இருக்கவும் சொன்னேன். கூடவே இரண்டு பரிசோதனைகள். ஒன்று சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். வடிகட்டியில் கசிவு இருந்தால் இதில் தெரியும், தூள் இதை மாற்றாது. மற்றது இரத்தத்தில் சிஸ்டட்டின் சி என்ற புரதம், இதையும் சிறுநீரகம்தான் வடிக்கிறது. கிரியேட்டின் இதைத் தொடுவதில்லை, தசையின் அளவாலும் பெரிதாக மாறாது. அதனால் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இதுதான் சரியான அளவுகோல். எல்லா ஆய்வுகூடத்திலும் செய்ய மாட்டார்கள், கட்டணமும் கூட. தைரொய்ட் கோளாறும் ஸ்டீரொய்ட் மருந்தும் அந்த எண்ணைத் திரித்துவிடும் என்பதால் அவற்றையும் கேட்டுக்கொண்டேன். அல்புமின் இல்லை, சிஸ்டட்டின் இயல்பு. ஐந்து வாரம் கழித்துக் கிரியேட்டினின் 0.89க்கு இறங்கியிருந்தது. அவருடைய சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் பழைய தாள் ஒன்று இருந்ததால்தான் அவர் தப்பினார். அது இல்லையென்றால் 1.18ஐ மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் தீர்மானிக்க முடிந்திருக்காது.

ஆகவே டின்னைத் திறக்கும் முன் பரிசோதனைக்குப் போங்கள். கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின், இரத்த அழுத்தம், சீனி நான்கும் போதும். மூன்று நாளைக்குப் பாரம் தூக்காமல் போங்கள். தாளைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதத்தில் திரும்பச் செய்யும்போது படிவத்திலேயே "கிரியேட்டின், தினம் இத்தனை கிராம், இத்தனை வாரம்" என்று எழுதிவிடுங்கள். டொக்டரிடம் மறைக்கும் வேலை வேண்டாம். முதல் பரிசோதனையிலேயே அல்புமின் தெரிந்தாலோ, ஒற்றைச் சிறுநீரகம், கட்டுப்படாத அழுத்தம், சிறுநீரகத்தைப் பாதித்த நீரிழிவு எதுவும் இருந்தாலோ தொடங்கவே வேண்டாம். தூள் எடுக்கும்போது எண் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, காலும் முகமும் வீங்கினாலோ, "அது தூளால்தான்" என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லாமல் நிபுணரிடம் போக வேண்டும். தூளால் வரும் ஏற்றம் ஒரு மட்டத்துக்கு வந்து அங்கேயே நிற்கும். நோயால் வருவது தொடர்ந்து ஏறலாம்.

உங்கள் நண்பனுக்கும் அளவு இதேதான். எடை எண்பது, தொண்ணூறு என்றால் மட்டும் 5 கிராமிலேயே தொடரலாம். ஆனால் பால், தயிர் எதுவும் இல்லாதவருக்குக் கிரியேட்டினை விட முந்திப் பார்க்க வேண்டியது விற்றமின் பி12. களைப்பு, கைகால் விறைப்பு, பயிற்சியில் பின்னடைவு எல்லாம் அந்தக் குறையாலும் வரும். அதைக் கிரியேட்டின் தீர்க்காது. இரத்தம் கொடுக்கும் அன்றே அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குளிசையை அவர் ஏற்கெனவே எடுக்கவில்லையென்றால் கிரியேட்டின் டின்னுக்கு முன் அதைத்தான் வாங்க வேண்டும்.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்பார்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் என்றால் தூளை விட்டுவிடலாம். நிரம்பிய தசையிலிருந்து நாளுக்குப் போவது 2 கிராம், அதில் ஒரு பகுதியை உடலே ஈடுசெய்யும். ஆறு நாளில் ஐந்து முதல் பத்துக் கிராம்தான் குறையும். முழுதாகப் பழைய நிலைக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாறணை முடிந்த பிறகு விட்ட நாட்களுக்கும் சேர்த்து ஒரே நாளில் 20 கிராம் போட வேண்டாம். அன்றிலிருந்து ஒரு வாரம் 5 கிராம், பிறகு பழையபடி 3.